டிவியில் உதடு முன்னே, பேச்சு பின்னே: இயர்பட்ஸ் தாமதத்தை எங்கே பிடிப்பது?

கேள்வி: பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒற்றை பெட்ரூம் வீடு. குழந்தை தூங்கியபிறகு இயர்பட்ஸ் போட்டுக்கொண்டுதான் டிவி பார்க்க முடிகிறது. உதடு அசைந்தபிறகுதான் பேச்சு கேட்கிறது. செட்டாப் பாக்ஸில் சேனல் பார்த்தால் ரொம்ப மோசம். அதே டிவியில் யூடியூப் பரவாயில்லை. போனில் படம் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கேம் ஆடினால் போனிலும் சத்தம் லேட். கடைக்காரர் புளூடூத் 5.4 இயர்பட்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா, இல்லை வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்:

இப்போதைக்கு இயர்பட்ஸ் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே இயர்பட்ஸ், ஒரே காது. போனில் யூடியூப் சரி, டிவியில் யூடியூப் பரவாயில்லை, செட்டாப் பாக்ஸ் மோசம், கேம் மோசம். இயர்பட்ஸின் தாமதம் இந்த நாலு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சில இடத்தில் அது மறைக்கப்படுகிறது, சில இடத்தில் மறைக்க முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆடியோ சாதனங்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுவதுதான் என் வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தாமதம் எங்கே உண்டாகிறது என்று பார்ப்போம். டிவியிலிருந்து சத்தம் அப்படியே காற்றில் போவதில்லை. அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, சுருக்கி, பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும். இந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எல்லா புளூடூத் ஹெட்போனிலும் கட்டாயம் இருக்கும் எஸ்பிசி கோடெக்கில் ஒரு துண்டு மூன்று மில்லிசெகண்டுகூட இருக்காது. ஏஏசி கோடெக்கில் ஒரு துண்டு சுமார் 23 மில்லிசெகண்ட். ஆனால் நீங்கள் உணர்வது 200 மில்லிசெகண்ட் போல இருக்கும். மீதி எங்கே போனது?

மீதி இயர்பட்ஸுக்குள்ளேயே இருக்கிறது. வந்த சத்தத்தை அது உடனே ஒலிப்பதில்லை. கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் ஒலிக்க ஆரம்பிக்கிறது. இதை பஃபர் என்பார்கள். நம் ஊரில் காவிரித் தண்ணீர் வராத நாளிலும் குழாயில் தண்ணீர் வருவது கீழே சம்ப் இருப்பதால்தானே, அதே ஏற்பாடு. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் ஓடுகிறது, மைக்ரோவேவ் அவனும் அங்கேதான் இரைச்சல் போடுகிறது. நடுவில் சில பொட்டலங்கள் வராமல் போகும், திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் சத்தம் அறுந்துபோகாமல் இருக்கத்தான் சேமிப்பு. பஃபரைச் சிறிதாக்கினால் தாமதம் குறையும், ஆனால் ஒரு சின்னத் தடங்கலுக்கே சத்தம் விட்டு விட்டு வரும். பெரிதாக்கினால் சத்தம் அறுபடாது, தாமதம் கூடும். 'லோ லேட்டன்சி', 'கேமிங் மோட்' என்று எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே பெரும்பாலும் நடப்பது இந்த பஃபரைக் குறைப்பதுதான்.

சாதாரண இயர்பட்ஸில் எல்லாம் சேர்ந்து 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆவது சகஜம். சில டிவிகள் தங்கள் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும்.

அப்படியானால் போனில் எப்படிச் சுத்தமாக இருக்கிறது? போன் படத்தை நிறுத்தி வைக்கிறது. இயர்பட்ஸ் இணையும்போதே 'என்னிடம் இவ்வளவு தாமதம் இருக்கிறது' என்று போனுக்குச் சொல்லும் வசதி புளூடூத்திலேயே உண்டு. டிலே ரிப்போர்ட்டிங் என்று பெயர். மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் எண் போகும். இயர்பட்ஸ் சொல்லாவிட்டால் போன் ஒரு தோராய எண்ணை வைத்துக்கொள்ளும். யூடியூப் போன்ற ஆப்கள் அந்த அளவு நேரம் படத்தைத் தாமதப்படுத்திக் காட்டும். படமும் சத்தமும் சேர்ந்தே பிந்துவதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் இயர்பட்ஸ் போட்டுக்கொண்டு போன் கீபோர்டில் கீ ஒலியை ஆன் செய்து தட்டிப் பாருங்கள். விரல் பட்டு ஒரு கணம் கழித்துத்தான் டிக் சத்தம் கேட்கும். யூடியூப் மறைத்து வைத்திருந்த தாமதம் அதுதான்.

கேமில் ஏன் மறைக்க முடியவில்லை என்பதும் இங்கேயே விளங்கும். படம் முன்பே எடுத்து வைத்தது, அதனால் நிறுத்தி வைக்கலாம். நீங்கள் எப்போது சுடுவீர்கள் என்று கேமுக்கு முன்கூட்டித் தெரியாது. சத்தத்துக்காகக் காட்சியை நிறுத்தினால் கேமே ஆட முடியாது.

இனி செட்டாப் பாக்ஸ். டிவிக்குள் இருக்கும் யூடியூப் ஆப் ஓடும்போது வீடியோ சுருக்கப்பட்ட நிலையில் டிவியின் நினைவகத்தில் இருக்கிறது. அதை 200 மில்லிசெகண்ட் கழித்து விரித்துக் காட்டுவது டிவிக்கு ஒரு வேலையே இல்லை. செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ வழியாக அனுப்புவதோ ஏற்கெனவே விரித்த முழுப் படங்கள், செகண்டுக்கு 50. அதை 200 மில்லிசெகண்ட் நிறுத்த வேண்டுமானால் பத்து முழுப் படங்களை டிவி கையில் வைத்திருக்க வேண்டும். ஃபுல் எச்டி என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 3 எம்பி, பத்துக்கு 30 எம்பி. ஃபோர்கே என்றால் அதைப் போல நாலு மடங்கு. இதைச் செய்யும் டிவிகள் உண்டு, ஆனால் பலவற்றில் எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு இந்த ஏற்பாடே கிடையாது. வந்த படத்தைக் கையோடு காட்டிவிடும், சத்தம் மட்டும் இயர்பட்ஸ் வழியாக மெதுவாக வந்து சேரும். உங்கள் டிவி இந்த ரகம் என்றுதான் தோன்றுகிறது.

கடைக்காரர் சொன்ன 5.4-க்கு இப்போது வரலாம். அந்த எண் புளூடூத் விதிமுறைப் புத்தகத்தின் பதிப்பு எண். டிவியிலிருந்து பாட்டு, படம் கேட்க இன்றைக்கும் பெரும்பாலும் ஓடுவது ஏ2டிபி என்ற பழைய முறைதான். 5.4 இயர்பட்ஸை உங்கள் டிவியில் இணைத்தாலும் அதே ஏ2டிபி, அதே எஸ்பிசி, ஏறக்குறைய அதே பஃபர். 2020-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து எல்இ ஆடியோ என்ற புது முறைக்கு வழி பிறந்தது, அதில் தாமதம் உண்மையிலேயே குறைவு. ஆனால் அது கட்டாயம் இல்லை. 5.4 என்று அட்டையில் போட்டுவிட்டு எல்இ ஆடியோ இல்லாமலே விற்கலாம். அதனால் பதிப்பு எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதலில் அளந்து பாருங்கள். காதை நம்பினால் 'கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கு' என்றே எல்லாவற்றுக்கும் தோன்றும்.

செட்டாப் பாக்ஸில் ஒரு செய்திச் சேனல் போடுங்கள். வாசிப்பவர் முகம் பெரிதாகத் தெரியும் நேரம் பாருங்கள். ஒரு இயர்பட்டை போனின் மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதே போனின் கேமராவில் டிவித் திரையைச் சாதாரண வீடியோவாக எடுங்கள். அரை நிமிடம் போதும். அப்புறம் சத்தத்தின் அலைவடிவத்தைக் காட்டும் ஏதாவது ஒரு வீடியோ எடிட்டிங் ஆப்பில் அதைத் திறங்கள். 'ப', 'ம' வரும் இடங்களைத் தேடுங்கள். அந்த எழுத்துகளுக்கு உதடு முழுதாக ஒட்டிப் பிரியும், படத்தில் தெளிவாகத் தெரியும். சிறு இடைவெளிக்குப் பிறகு 'பிரதமர்' என்று தொடங்கும் வாக்கியம் கிடைத்தால் ரொம்ப வசதி. உதடு பிரியும் படத்துக்கும் அலை எழும் இடத்துக்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 33 மில்லிசெகண்ட்.

உதாரணத்துக்கு 8 ஃபிரேம் வந்தது என்று வையுங்கள். சுமார் 265 மில்லிசெகண்ட். உடனே அதை நம்பாதீர்கள். போன் கேமராவிலேயே படத்துக்கும் சத்தத்துக்கும் சின்ன வித்தியாசம் இருக்கலாம், சேனலே கொஞ்சம் பிசகி ஒளிபரப்பாகலாம். அதனால் இயர்பட்ஸைத் துண்டித்துவிட்டு, டிவி ஸ்பீக்கர் சத்தத்தோடு அதே சேனலை இன்னொரு முறை எடுத்து எண்ணுங்கள். அதில் 1 ஃபிரேம் வந்தால் கழித்துவிடுங்கள். மிச்சம் 7 ஃபிரேம், 230 மில்லிசெகண்ட். உங்கள் இயர்பட்ஸ் வழி கூட்டும் உண்மையான தாமதம் இதுதான்.

இதை எவ்வளவுக்குக் குறைத்தால் போதும்? ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று உண்டு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு 1998-ல் வெளியிட்டது. அதன்படி சத்தம் 125 மில்லிசெகண்ட் வரை பிந்தினால் பொதுவாக யாரும் கவனிப்பதில்லை, 185 தாண்டினால் ஏற்றுக்கொள்ள முடியாது. சத்தம் முந்தினால் கதை வேறு: 45 மில்லிசெகண்டிலேயே தெரிந்துவிடும், 90 தாண்டினால் பொறுக்காது. இதில் ஆச்சரியமில்லை. காற்றில் சத்தம் செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, தெருக்கோடியில் அடிக்கும் தவில் எப்போதுமே கை விழுந்த பிறகுதான் கேட்கும். பிந்திய சத்தம் நமக்குப் பழக்கம், முந்திய சத்தத்தை இயற்கையில் பார்த்ததே இல்லை.

ஆகவே 230-ஐப் பூஜ்யமாக்க வேண்டியதில்லை. 120-க்குக் கீழே கொண்டுவந்தால் படம் பார்க்கத் தாராளம். '40 மில்லிசெகண்ட்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வதைத் துரத்திப் போகும் தேவை டிவிக்கு இல்லை.

காசு செலவில்லாத வழிகளை முதலில் முயலுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் `A/V sync` என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். சோனி ஆண்ட்ராய்டு, கூகுள் டிவிகளில் அந்தப் பெயரிலேயே உண்டு. அது புளூடூத் சத்தத்துக்கு ஏற்பப் படத்தைத் தள்ளிவைக்கப் பார்க்கும். ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருந்தால் அதில் `AV Sync Tuning` இருக்கிறது. ஆப்பிள் டிவியில் `Wireless Audio Sync`, ஐபோனை மைக்காக வைத்துத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். ஆனால் ஃபயர் ஸ்டிக், ஆப்பிள் டிவி அமைப்புகள் அந்தந்தச் சாதனத்தில் ஓடும் ஆப்களுக்குத்தான், உங்கள் செட்டாப் பாக்ஸுக்கு அல்ல.

இங்கே பலர் விழும் ஒரு பள்ளம் உண்டு. நிறைய டிவிகளில் 'ஆடியோ டிலே' என்று ஒரு அமைப்பு 0-விலிருந்து மேலே மட்டும் போகும். அது சவுண்ட்பாரில் சத்தம் முந்தி வருபவர்களுக்காக வைத்தது, சத்தத்தை இன்னும் பிந்தவைக்கும். உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு 'செட்டிங் எல்லாம் மாத்திட்டேன், வேலைக்கு ஆகல' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எண் 0-வில் இருக்கட்டும்.

அடுத்தது எனக்குப் பிடித்த வழி, ரொம்ப எளிமையானது: செட்டாப் பாக்ஸையே சுற்றிப் போய்விடுவது. அந்தச் சேனல் ஏதாவது ஆப்பில் வருகிறதென்றால் டிவிக்குள்ளேயே அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள். சன் குழுமச் சேனல்கள் சன் நெக்ஸ்டில் வருகின்றன. நேரலைதான் என்றாலும் ஆப்பில் அது சுருக்கிய வீடியோவாக வந்து சேர்வதால், யூடியூபைப் போலவே டிவியால் நிறுத்திக் காட்ட முடியும். கிரிக்கெட்டுக்கு மட்டும் இது ஒத்துவராது. ஆப் நேரலை சேனலைவிடப் பல செகண்ட் பின்னால் ஓடும். விக்கெட் விழுந்ததை மேல்வீட்டுக்காரர் கத்தித்தான் தெரிந்துகொள்வீர்கள்.

உங்கள் செட்டாப் பாக்ஸ் ஆண்ட்ராய்டு வகையா என்றும் பாருங்கள். ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா பிளே பிஞ்ச் பிளஸ் போன்றவற்றில் புளூடூத் உண்டு. இயர்பட்ஸை டிவியோடு இணைக்காமல் அந்த பாக்ஸோடு நேராக இணைத்துப் பாருங்கள். அப்போது படம், சத்தம் இரண்டும் ஒரே சாதனத்தின் கையில் இருப்பதால் சரிசெய்ய வாய்ப்பு கூடுகிறது. ஆப்களில் பெரும்பாலும் நன்றாக வரும். டிஷ் வழியாக வரும் சேனலில் வருமா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும், பாக்ஸுக்கு பாக்ஸ் மாறும்.

டிவியில் படத்துக்கான 'கேம் மோட்' ஆன் செய்திருந்தால் அதை நிறுத்துங்கள். பெயரைப் பார்த்து வேகம் கூடும் என்று பலர் போட்டுவைக்கிறார்கள். அது படத்தின் மெருகேற்றும் வேலைகளை விட்டுவிட்டுப் படத்தைச் சீக்கிரம் காட்டும் அமைப்பு. சத்தம் பிந்தும்போது படத்தைச் சீக்கிரம் காட்டினால் இடைவெளி கூடத்தானே செய்யும்? வழக்கமான சினிமா மோடில் படமும் கொஞ்சம் மெதுவாக வரும், உங்களுக்கு அது நல்லதே.

இன்னொரு கோளாறு இருக்கிறது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆரம்பத்தில் சரியாக இருந்து, அரை மணி நேரம் போனபின் தாமதம் கூடுகிறது, பாஸ் செய்து பிளே கொடுத்தால் மறுபடி சரியாகிறது என்றால் அது இணைப்பின் நெரிசல். டிவியில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சிப்பில், ஒரே ஆன்டெனாவில் ஓடுகின்றன. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் முறைவைத்துத்தான் பேச முடியும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் வேறு. டிவியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், முடிந்தால் லேன் கேபிளே போட்டுவிடுங்கள். இதற்கு எந்த இயர்பட்ஸும் மருந்து இல்லை.

இத்தனைக்கும் பிறகு செட்டாப் பாக்ஸ் 230-லேயே நின்றால்தான் கடைக்குப் போகலாம்.

மிக மலிவான பொருள் வயர். டிவியின் பின்னால் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் ஓட்டை இருந்தால் சாதாரண வயர் இயர்போனும் ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் போதும். புளூடூத்தால் வரும் தாமதம் மொத்தமாகப் போய்விடும். ஸ்பிளிட்டர் போட்டால் இருவரும் கேட்கலாம். வயர் காலில் தட்டும் என்பதைத் தவிர இதற்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

வயர் வேண்டாம் என்றால் புளூடூத் டிரான்ஸ்மிட்டர். டிவியின் ஆப்டிகல் அல்லது ஹெட்போன் ஓட்டையில் செருகும் சின்னப் பெட்டி. டிவியின் சொந்தப் புளூடூத்தை விட்டுவிட்டு இதன் வழியாகக் கேட்பீர்கள். இதை எதற்காக வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வெறும் டிரான்ஸ்மிட்டரால் தாமதம் குறையாது. குறைந்த தாமதக் கோடெக் ஒன்று டிரான்ஸ்மிட்டரிலும் இருக்க வேண்டும், காதில் போடும் பொருளிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இல்லாவிட்டால் இரண்டும் பேசிவைத்து எஸ்பிசிக்கு இறங்கிவிடும், மறுபடி பழைய 200 சொச்சம்.

குவால்காமின் ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி சுமார் 40 மில்லிசெகண்ட் தரும். டிவிக்கு அருமையானது. ஆனால் தனித்தனியாக இரண்டு காதில் போடும் இயர்பட்ஸில் இதைப் பார்ப்பது அபூர்வம். நெக்பேண்டிலும் தலையில் மாட்டும் ஹெட்போனிலும்தான் கிடைக்கும், அதுவும் புது மாடல்களில் குறைந்துகொண்டே வருகிறது. அதற்குப் பின் வந்த ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ் இயர்பட்ஸிலும் உண்டு, சுமார் 80 மில்லிசெகண்ட். நம் 120 கணக்குக்குள் வந்துவிடுகிறது. வெறும் 'ஆப்ட்எக்ஸ்', 'ஆப்ட்எக்ஸ் எச்டி' என்றிருந்தால் அது ஒலித்தரத்துக்கானது, இந்த வேலைக்கு அல்ல. சோனியின் எல்டேக் கோடெக் இன்னும் தள்ளி: தரம் அருமை, தாமதம் பெரும்பாலும் எஸ்பிசியைவிட மோசம். ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்கள் ஆப்ட்எக்ஸ் டிரான்ஸ்மிட்டர் வாங்கவே வேண்டாம். அவற்றில் எஸ்பிசியும் ஏஏசியும்தான்.

உங்கள் கணக்கு இப்படி வரும். இப்போதைய இயர்பட்ஸின் பெட்டியில் ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ் என்று இருந்தால் அதே கோடெக் உள்ள டிரான்ஸ்மிட்டர் மட்டும் வாங்கினால் போதும், 230 சுமார் 80 ஆகும். இல்லையென்றால் டிரான்ஸ்மிட்டரோடு ஒரு நெக்பேண்டோ ஹெட்போனோ சேர்த்து வாங்க வேண்டும். இயர்பட்ஸை வெளியே போகும்போது வைத்துக்கொள்ளுங்கள், நெக்பேண்ட் டிவிக்கென்று இருக்கட்டும். இருவர் கேட்க வேண்டுமானால் ஒரே நேரத்தில் இரண்டு ஜோடியிலும் குறைந்த தாமதக் கோடெக் ஓடுமா என்று அட்டையில் தேடிப் படியுங்கள். ஒரு ஜோடிக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு இரண்டாவது வந்ததும் எஸ்பிசிக்கு இறங்கும் பெட்டிகளும் இருக்கின்றன.

எஸ்பி ரோட்டில் வாங்குவதென்றால் உங்கள் ஹெட்செட்டைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே இணைத்துப் பாருங்கள். நல்ல டிரான்ஸ்மிட்டர்களில் எந்தக் கோடெக்கில் இணைந்திருக்கிறது என்பதை விளக்கின் நிறமோ திரையோ காட்டும். 'எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்' என்ற பேச்சை அந்த விளக்கு ஒரு நிமிடத்தில் தீர்த்துவைக்கும். விளக்கே இல்லாத பெட்டியை நான் வாங்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆப்டிகலில் செருகியதும் சத்தமே வராமல் போகலாம். பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை `PCM` என்று மாற்றுங்கள். டால்பி வடிவில் போனால் இந்தச் சின்னப் பெட்டிகள் பலவற்றுக்குப் புரியாது. அதே இடத்தில் டிஜிட்டல் வெளியீட்டுக்கென்று தனியாக ஒரு டிலே எண் இருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். அப்புறம் பழையபடி 'ப', 'ம' வைத்து அளந்து பாருங்கள். 2, 3 ஃபிரேம் வந்தால் வேலை முடிந்தது. 6-க்கு மேல் வந்தால் எஸ்பிசியில் இணைந்திருக்கிறது என்று அர்த்தம். ஹெட்செட்டை டிவியின் புளூடூத் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரோடு மட்டும் புதிதாக இணையுங்கள்.

புளூடூத்தே வேண்டாம் என்றும் இருக்கலாம். சென்ஹைசர் ஆர்எஸ் வரிசையின் பழைய மாடல்கள் போல டிவிக்கென்றே தளத்தோடு வரும் கம்பியில்லா ஹெட்போன்கள் தங்கள் சொந்த ரேடியோ முறையில் ஓடும். கோடெக் பொருத்தம் பார்க்கும் தலைவலி கிடையாது. விலை கூடுதல், உருவம் பெரிது, வேறு எதோடும் சேராது. ராத்திரி தினமும் இரண்டு மணி நேரம் டிவி பார்க்கும் வீட்டுக்கு யோசிக்கலாம்.

எல்இ ஆடியோவை எதிர்பார்த்துக் காத்திருக்கலாமா என்று கேட்பீர்கள். அதன் எல்சி3 கோடெக்கும் நேரம் குறித்து அனுப்பும் முறையும் தாமதத்தை நன்றாகக் குறைக்கின்றன. ஒரே டிவியிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கும் ஆராகாஸ்ட் வசதியும் அதில்தான் வருகிறது. ஆனால் அதற்கும் டிவி அல்லது டிரான்ஸ்மிட்டர், இயர்பட்ஸ் என இரு பக்கமும் தயாராக வேண்டும். புது டிவி வாங்கும்போது பட்டியலில் தேடுங்கள். இப்போது இருக்கும் டிவிக்கு அது தானாக வந்துவிடாது.

கடைசியாகக் கேம். இங்கே படத்தை நிறுத்தும் தந்திரம் செல்லாது என்பதால் 120 கணக்கும் செல்லாது. எதிரியின் காலடிச் சத்தத்துக்கு 80 மில்லிசெகண்டே அதிகம் என்பார்கள் ஆடுபவர்கள். இயர்பட்ஸின் ஆப்பில் கேமிங் மோட் இருந்தால் ஆன் செய்து, கீபோர்டு டிக் சத்தத்தைப் போன் ஸ்பீக்கரிலும் இயர்பட்ஸிலும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சில பிராண்டுகளில் அந்த மோட் அதே பிராண்ட் போனோடு மட்டும் வேலை செய்யும். சாம்சங் கேலக்ஸி பட்ஸ் அப்படித்தான், கேலக்ஸி போன் வேண்டும். ஆண்ட்ராய்டில் எல்டேக் ஓடிக்கொண்டிருந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் `Bluetooth Audio Codec` போய் வேறு கோடெக்குக்கு மாற்றுங்கள். போனைப் பின் பாக்கெட்டில் வைத்து நடக்கும்போது கேமிங் மோடில் சத்தம் அறுபட்டால் அது பழுதல்ல, 2.4 கிகாஹெர்ட்ஸை உடம்பு நன்றாகவே தடுக்கும், தாங்குவதற்கு பஃபரும் இப்போது சிறிது. பாட்டு கேட்கும்போது அந்த மோடை ஆஃப் செய்துவிடுங்கள்.

தீவிரமாக ஆடுபவர் என்றால் யூஎஸ்பி-சி டாங்கிளோடு வரும் கேமிங் இயர்பட்ஸ் ஒன்று பாருங்கள். டாங்கிள் போனில் செருகியிருக்கும், புளூடூத் இல்லாமல் தன் சொந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் ஓடும். தாமதம் சில பத்து மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். அதே டாங்கிளை டிவியின் யூஎஸ்பியில் செருகினால் வேலை செய்யுமா என்று அடுத்துத் தோன்றும். சில ஆண்ட்ராய்டு டிவிகள் அதை யூஎஸ்பி ஆடியோவாக ஏற்கும், பல ஏற்காது. திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்கி, அன்றைக்கே செருகிப் பாருங்கள்.